ஆள் உண்டு, ஒன்றும் இல்லை

நீதிமொழிகள் 13-ஆம் அதிகாரத்தின் 7-ஆம் வசனம் எபிரேய மூலத்தில் ஏழே சொற்கள். முதல் பாதியில் நான்கு, இரண்டாம் பாதியில் மூன்று. இந்த ஏழில் காலம் காட்டும் வினைமுற்று ஒன்றுகூட இல்லை. அது பேசுவது இரண்டு மனிதர்களைப் பற்றி. ஒருவன் தன்னைப் பணக்காரன் ஆக்கிக்கொள்கிறான், கையில் எதுவும் இல்லை. இன்னொருவன் தன்னை ஏழை ஆக்கிக்கொள்கிறான், ஆனால் ஏராளமான சொத்து. விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் "ஆக்கிக்கொள்கிறான்" என்றால் என்ன? நடிக்கிறானா, நிஜமாகவே அப்படி ஆகிறானா? நடிக்கிறான் என்றால் இது ஊரில் பந்தா காட்டுகிறவனையும் சொத்தை மறைத்துப் பஞ்சப்பாட்டு பாடுகிறவனையும் சுட்டிக்காட்டும் ஒரு கூர்மையான கவனிப்பு. நிஜமாக ஆகிறான் என்றால் கதையே வேறு. சம்பாதித்துச் சேர்த்தவனிடம் கடைசியில் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் விட்டவனே செல்வந்தன் என்று அது செல்வத்தையே கேள்வி கேட்கிறது. முதலாவது நம்மை உஷாராக்குகிறது, இரண்டாவது வாழ்க்கையை மாற்றச் சொல்கிறது. இரண்டாயிரம் வருடங்களாக மொழிபெயர்ப்பாளர்கள் இதில் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் இடம் கொடுப்பது எது என்று தேடினால், அகராதி பாதி வழிதான் கூட்டிப்போகும். மீதி வழிக்கு இலக்கணம் வேண்டும்: வினை இல்லாத வாக்கியம், "உண்டு" என்ற சொல், "இல்லை" என்ற சொல்.

வினை இல்லாத வாக்கியம்

"அவன் டீச்சர்." "இது என் வீடு." தமிழில் இவை முழு வாக்கியங்கள். ஆங்கிலத்தில் நடுவில் ஒரு வினை வந்தே ஆக வேண்டும், நமக்குத் தேவையில்லை. பெயரே பயனிலை. எபிரேயமும் இப்படித்தான். இரண்டு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், வாக்கியம் ஆகிவிடும். எபிரேய இலக்கண நூல்கள் இதைப் பெயர்த்தொடர் வாக்கியம் என்ற பொருள்படும் பெயரில் அழைக்கின்றன.

நம் வசனத்துக்கு அடுத்த வசனமே நல்ல உதாரணம். 13:8-இன் முதல் பாதி ஒரு மனிதனின் உயிருக்கு ஈடாகக் கொடுக்கும் மீட்புத்தொகை எது என்று பேசுகிறது. "உயிரின் மீட்புத்தொகை" என்பது ஒரு தொடர், "அவன் செல்வம்" என்பது இன்னொன்று. இரண்டும் அருகருகே நிற்கின்றன, நடுவில் எதுவுமில்லை. செல்வம் அவனை மீட்டதா, மீட்கிறதா, மீட்குமா? சொல்லவில்லை. காலத்தைச் சூழலிலிருந்து நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பழமொழி போன்ற எழுத்துக்கு இது வசதியான அமைப்பு. எப்போதும் பொருந்த வேண்டிய கூற்றுக்குக் காலம் காட்டாத வாக்கியம் தோதானது.

யேஷ், எய்ன்

"இது வீடு" என்று சொல்ல வினை தேவையில்லை, சரி. "வீடு இருக்கிறது" என்று சொல்வதற்கு? அதற்கு எபிரேயத்தில் யேஷ் என்ற சொல் உண்டு. "இல்லை" என்று சொல்ல எய்ன். இரண்டும் வினைகள் அல்ல. வினையைப் போலக் காலத்துக்கு ஏற்ப உருமாறாது. எதிலிருந்து வந்தன என்பதை அவற்றின் நடத்தையே காட்டிக்கொடுக்கிறது, இரண்டுமே பெயர்ச்சொல்லின் குணத்தோடு இருக்கின்றன.

எய்ன் என்பது அயின் என்ற பெயர்ச்சொல்லின் சுருங்கிய வடிவம். அயின் என்றால் இன்மை, ஒன்றுமற்றது. இதே 13-ஆம் அதிகாரத்தின் 4-ஆம் வசனத்தில் அது தனியாகவே நிற்கிறது. சோம்பேறி ஆசைப்படுகிறான், அடுத்த சொல் "அயின்". ஆசை, பிறகு வெறுமை. நடுவில் ஒரு "வெ" மட்டும், அதாவது நம்முடைய "-உம்" போன்ற ஓர் இணைப்பு. மூன்று வசனம் தாண்டி நம் வசனத்தில் வரப்போவதன் முன்னோட்டம் மாதிரி இருக்கிறது.

யேஷ் இன்னும் சுவாரசியம். நீதிமொழிகள் 8:21-இல் ஞானம் ஒரு பெண்ணாகப் பேசும் இடத்தில், தன்னை நேசிக்கிறவர்களுக்கு யேஷைச் சொத்தாகக் கொடுப்பேன் என்கிறாள். அங்கே யேஷ் பெயர்ச்சொல். "உள்ளது", அதாவது உடைமை. தமிழ் வாசகருக்கு இதில் ஆச்சரியம் குறைவாகத்தான் இருக்கும். "உள்ளவன்", "இல்லாதவன்" என்று நாம் சொல்லும்போது யாரும் "என்ன உள்ளவன்?" என்று கேட்பதில்லை. திருக்குறளின் நல்குரவு அதிகாரத்தில் வறுமைக்கு "இன்மை" என்ற பெயரும் வருகிறது. இருப்பைக் குறிக்கும் சொல்லே பணத்தையும் குறிக்கத் தொடங்குவது இரண்டு மொழிகளிலும் நடந்திருக்கிறது.

நீதிமொழிகளில் யேஷ் வசனத்தின் தலையில் வந்தால் அதற்கு ஒரு தனி வேலை இருக்கிறது. 11:24, 12:18, 13:7 மூன்றும் இப்படித்தான் தொடங்குகின்றன. "இப்படியும் ஆட்கள் உண்டு" என்று கை காட்டும் தொனி. தமிழின் "இருக்கிறான்" இதற்குப் பொருந்தாது, "உண்டு"தான் பொருந்தும். "அவன் வீட்டில் இருக்கான்" என்பது ஒருவனைப் பற்றிய தகவல். "இப்படியும் ஆளுங்க உண்டு" என்பது உலகத்தைப் பற்றிய தகவல். ஆக, நம் வசனத்தின் முதல் சொல் உலகத்தைப் பார்த்துப் பேசுகிறது. இப்படி ஒரு வகை மனிதன் உண்டு, கவனி.

ஒரு பொறி

இந்த இடத்தில் வாசகர்கள், சில சமயம் பேராசிரியர்களும், விழும் ஒரு பொறி இருக்கிறது. "எபிரேயத்தில் 'இரு' என்ற வினை வாக்கியத்தில் வருவதில்லை, ஆகவே எபிரேயர்கள் இருப்பைப் பற்றி வேறு மாதிரி யோசித்தார்கள்" என்று தொடங்கிவிடுவார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் தோர்லைஃப் போமான் எபிரேயச் சிந்தனையையும் கிரேக்கச் சிந்தனையையும் ஒப்பிட்டு எழுதிய நூல் இந்த வகை வாதத்துக்குப் பெயர் பெற்றது. எபிரேயம் இயக்கம் சார்ந்தது, கிரேக்கம் நிலை சார்ந்தது என்று அது போகும். 1961-இல் ஜேம்ஸ் பார் விவிலிய மொழியின் பொருளியல் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த வாதத்தை நிதானமாகப் பிரித்து மேய்ந்தார். ஒரு மொழியின் இலக்கண அமைப்பிலிருந்து அதைப் பேசுபவர்களின் உலகப் பார்வைக்கு நேரடியாகத் தாவ முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அவர் சொல்வது சரி என்பதற்கு நம் வீட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. ஆங்கிலத்தைப் போல "வைத்திருத்தல்" என்ற ஒற்றை வினையைக் கொண்டு தமிழ் உடைமையைச் சொல்வதில்லை. "எனக்கு ஒரு வீடு உண்டு", "என்கிட்ட பணம் இருக்கு" என்றுதான் சொல்கிறோம். அதனால் தமிழனுக்குச் சொத்துணர்ச்சி குறைவு என்று யாராவது சொன்னால், அவரை ஏதாவது ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் அரைமணி நேரம் உட்கார வைத்தால் போதும்.

அப்படியானால் வினை இல்லாததிலிருந்து எதையுமே படிக்கக் கூடாதா? படிக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. மொழி கட்டாயப்படுத்தும் இடத்தில் ஒரு சொல் இல்லாமல் போவது நடை ஆகாது. வேறு வழி கைவசம் இருந்தும் எழுதியவர் அதை எடுக்காத இடத்தில்தான் அது நடை. ஆகவே ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இங்கே அந்தச் சொல்லைப் போட்டிருக்க முடியுமா? போட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா? இந்தக் கேள்வியோடு நம் வசனத்துக்குத் திரும்புவோம்.

"அவனுக்கு" எங்கே?

முதல் பாதியின் முடிவில் இரண்டு சொற்கள்: எய்ன், கோல். கோல் என்றால் "எல்லாம்". எய்னோடு சேரும்போது "எல்லாம் இல்லை" என்று ஆகாது, "எதுவுமே இல்லை" என்று ஆகிவிடும். யாருக்கு எதுவும் இல்லை? அந்தப் பணக்காரனுக்கு என்று நாம் புரிந்துகொள்கிறோம். மூலம் அதைச் சொல்லவில்லை.

எபிரேயத்தில் உடைமையைச் சொல்லும் வழக்கமான வழி தமிழைப் போன்றதுதான். "-க்கு" என்பதற்கு ஈடான "லெ" என்ற முன்னொட்டு. "எனக்கு உண்டு" என்றால் யேஷ், பிறகு லீ. எய்ன் கோல் தொடருக்கும் இதே வழி இருந்தது என்பதற்கு மிக நல்ல சாட்சி 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தில் நாத்தான் தாவீதுக்குச் சொல்லும் கதை. ஒரு ஊரில் இரண்டு பேர், ஒருவன் பணக்காரன், ஒருவன் ஏழை. நம் வசனத்தின் இரண்டு பங்கேற்பாளர்களுக்கும் வேர்ச்சொற்களாக இருக்கும் அதே ஆஷிர், அதே ராஷ். பணக்காரனிடம் ஆடுமாடு ஏராளமாக இருந்தன என்பதற்கு அங்கே "இருந்தது" என்ற வினைமுற்றே வருகிறது. ஏழையின் பக்கம் வரும்போது எய்ன் கோல். ஒரே ஒரு சின்னப் பெண்ணாட்டுக்குட்டியைத் தவிர. ஆனால் அங்கே "ஏழைக்கு" என்று லெ சேர்த்து, யாருக்கு இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லித்தான் எய்ன் கோல் வருகிறது. 2 இராஜாக்கள் 4:2-இல் எலிசாவிடம் முறையிடும் விதவையும் அப்படித்தான். உங்கள் அடியாளுக்கு என்று லெ சேர்த்து, வீட்டில் எண்ணெயைத் தவிர எதுவுமில்லை என்கிறாள்.

இன்னொரு சாட்சி இன்னும் அழகு. ஆதியாகமம் 33-இல் இருபது வருடப் பகைக்குப் பிறகு ஏசாவும் யாக்கோபும் சந்திக்கிறார்கள். யாக்கோபு கொடுக்கும் பரிசை ஏசா மறுக்கிறான், எனக்கு ரவ் உண்டு என்கிறான். ரவ் என்றால் நிறைய. யாக்கோபு வற்புறுத்துகிறான், எனக்குக் கோல் உண்டு என்கிறான். நிறைய, எல்லாம். இருவருமே யேஷையும் லீயையும் சேர்த்தே சொல்கிறார்கள். அண்ணன் "நிறைய" என்பதோடு நிறுத்த, தம்பி "எல்லாம்" வரை போகிறான். கோல், ரவ் என்ற அதே இரண்டு சொற்கள்தான் நம் வசனத்தின் இரண்டு பாதிகளின் முடிவிலும் நிற்கின்றன.

ஆக, "அவனுக்கு" என்று சொல்ல மொழியில் வழி இருந்தது, பலர் சொல்லியும் இருக்கிறார்கள். நம் வசனம் சொல்லவில்லை. "அவனுக்கு எதுவும் இல்லை" என்பது ஒரு மனிதனின் கணக்கு. "எதுவும் இல்லை" என்பது கதவைத் திறந்து பார்த்தவன் சொல்வது. பணக்காரத்தனத்தின் வாசலைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தால், சும்மா வெறுமை. சுருக்கத்துக்காகத்தான் லெ விடுபட்டது என்று ஒருவர் வாதிடலாம். பழமொழிக்குச் சிக்கனம் முக்கியம், உண்மை. காரணம் சிக்கனமாகவே இருந்தாலும் வாசகனுக்கு நிகழ்வது இதுதான்.

நடிப்பா, நிஜமா?

இனி அந்த இரண்டு மனிதர்கள். மித்அஷேர், மித்ரோஷேஷ். இரண்டும் தமிழின் வினையாலணையும் பெயர் போன்றவை, "செய்பவன்" என்ற வகை. இவற்றின் வடிவத்துக்கு எபிரேய இலக்கணத்தில் ஹித்பாயேல் என்று பெயர். தமிழில் "கொள்" சேர்ப்பது போல, செயல் செய்பவன் மேலேயே திரும்பும் வடிவம்.

சிக்கல் என்னவென்றால் இந்த வடிவம் பாசாங்கையும் குறிக்கும், நிஜத்தையும் குறிக்கும். 2 சாமுவேல் 13:5-இல் அம்னோனிடம் நண்பன் சொல்லும் யோசனை நோயாளி போல நடி என்பது. அது ஹித்பாயேல். அடுத்த அதிகாரம் 14:2-இல் யோவாப் ஒரு பெண்ணிடம் துக்கம் கொண்டாடுகிறவள் போல நடிக்கச் சொல்கிறான், அதுவும் ஹித்பாயேல். ஆனால் ஆதியாகமம் 37:34-இல் மகன் செத்துவிட்டான் என்று நம்பி யாக்கோபு பல நாள் துக்கம் கொண்டாடும்போதும் அதே வினை, அதே வடிவம். அந்தத் துக்கத்தில் துளி நடிப்பு இல்லை. வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நம் கேள்வியை இங்கேயும் கேட்போம். "பணக்காரன் ஆதல்" என்று சொல்ல வேறு வழி இருந்ததா? இருந்தது. அதே வேரின் ஹிஃபீல் வடிவம். நீதிமொழிகளிலேயே 23:4-இல் பணக்காரனாகப் பாடுபடாதே என்கிறபோதும், 28:20-இல் அவசரமாகப் பணக்காரனாகத் துடிக்கிறவனைப் பற்றிப் பேசும்போதும் அந்த வடிவம்தான். அப்படியிருக்க இந்த ஒரு வசனம் மட்டும் புழக்கத்திலுள்ள வடிவத்தை விட்டுவிட்டு ஹித்பாயேலுக்குப் போகிறது. எபிரேய விவிலியத்தில் இந்த வேரின் ஹித்பாயேல் வேறெங்கும் இல்லை, எதிர்ப்பக்கத்து மித்ரோஷேஷும் அப்படியே. ஆகவே வெறுமனே "ஆகிறவன்" என்பதைவிட "காட்டிக்கொள்கிறவன்" என்பதன் பக்கமே என் தராசு சாய்கிறது.

ஆனால் தட்டு முழுதாக இறங்கவில்லை. காரணம் அந்தச் சின்ன "வெ". பெயர்த்தொடர் வாக்கியத்தின் முன்னால் வெ வரும்போது அது பெரும்பாலும் உடன்நிகழும் சூழலைச் சொல்லும்: இவன் இப்படி, அப்போது நிலைமை இப்படி. அது "ஆனால்" என்று எதிர்க்கவில்லை, "அதனால்" என்று முடிவு கட்டவுமில்லை. எய்னுக்கும் காலம் கிடையாது. பணக்காரன் போலக் காட்டிக்கொள்கிறான், அப்போதே ஒன்றுமில்லை. அல்லது பணம் சேர்த்துக்கொள்கிறான், சேர்த்த பிறகும் ஒன்றுமில்லை. வாக்கியம் இரண்டையும் தடுக்கவில்லை. நான்கு வசனம் தள்ளி 13:11-இல் வெறும் காற்றிலிருந்து வந்த செல்வம் கரையும் என்று வருவதால், இரண்டாவது வாசிப்புக்கும் பக்கத்துவீட்டு ஆதரவு இருக்கிறது.

சொல்லப்படாத சொத்து

இரண்டாம் பாதி மூன்றே சொற்கள். மித்ரோஷேஷ், ஹோன், ரவ். ஏழையாகக் காட்டிக்கொள்பவன், செல்வம், நிறைய. தலையில் யேஷ் இல்லை. அது பெரிய விஷயமில்லை, எபிரேய இணைப்பாடல் வரிகளில் முதல் பாதியின் சொல் இரண்டாம் பாதிக்கும் சேர்ந்து வேலை செய்வது சகஜம். "இப்படியும் ஒருவன்" என்று நாமே நீட்டிப் படித்துக்கொள்கிறோம்.

கவனிக்க வேண்டியது செல்வத்தின் முன்னால் யேஷ் இல்லாததை. முதல் பாதி "இல்லை" என்று உரக்கச் சொல்லிவிட்டது. அதற்குச் சரிக்குச் சரியாக இங்கே "உண்டு" வரும் என்று காது காத்திருக்கிறது. வரவில்லை. ஹோன் ரவ், அவ்வளவுதான். எபிரேயத்தில் பண்புச்சொல் பெயருக்குப் பின்னால் வருவதால், இது "நிறைந்த செல்வம்" என்ற தொடரா, "செல்வம் நிறைய" என்ற வாக்கியமா என்று வடிவத்தை வைத்துப் பிரிக்க முடியாது. தமிழில் பண்பு முன்னால் வந்தால் தொடர், பின்னால் போனால் வாக்கியம். நாம் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், எபிரேயம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

இதன் விளைவு நுட்பமானது. இந்த வசனத்தில் "உண்டு" மனிதனுக்கு மட்டும்தான் கிடைக்கிறது. சொத்துக்கு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. இல்லாத சொத்துக்கு "இல்லை" என்ற சொல் இருக்கிறது, இருக்கிற சொத்தை அறிவிக்க ஒரு சொல்லும் இல்லை. தன் பணத்தை மறைக்கிறவனைப் பற்றிய பாதியில் வாக்கியமும் அதை அறிவிக்காமல் ஓரமாக வைத்துவிட்டுப் போகிறது. எழுதியவர் இதை யோசித்துச் செய்தார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நான்குக்கு மூன்று என்ற சொல்லளவுக்காகவும் அது விடுபட்டிருக்கலாம். ஆனால் ஏசாவின் வாயில் ரவ்வுக்கு முன்னால் யேஷ் வந்ததைப் பார்த்த பிறகு, இங்கே அது வராததைக் காணாமல் இருக்க முடியவில்லை.

மொழிபெயர்ப்பில் முளைத்த வினைகள்

கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு இரண்டு பாதிகளுக்கும் "இருக்கிறார்கள்" என்ற வினையைக் கொடுக்கிறது. தங்களைச் செல்வராக்குகிறவர்கள், எதையும் வைத்திராதவர்கள் என்று உடைமைக்கும் ஒரு வினை முளைக்கிறது. இரண்டாம் பாதியில் ஏழை காணாமல் போய்த் தங்களைத் தாழ்த்துகிறவர்கள் வருகிறார்கள். ஏழ்மை பணிவாகிவிட்டது, கவனிப்பு அறிவுரையாகிவிட்டது. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லத்தீனுக்குக் கொண்டுபோன ஜெரோம் "போல" என்ற பொருள் தரும் குவாசி என்ற சொல்லை இரண்டு பக்கமும் போட்டார். பணக்காரன் போல, ஏழை போல. நடிப்பு என்று தீர்ப்பு எழுதி முடித்தார். இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பலவும் ஜெரோமின் பக்கம்தான்.

பரவலாக வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமம் ஒரு விஷயத்தில் இவர்களைவிட மூலத்துக்கு நெருக்கம். யேஷுக்கு "உண்டு" என்ற மிகச் சரியான சொல் அதற்குக் கிடைத்தது, இரண்டு பாதிகளும் அதில்தான் முடிகின்றன. ஆனால் தமிழ் வாக்கிய அமைப்பு ஒரு விலை கேட்டது. "ஒன்றுமில்லாதிருக்க" என்பது முன்னாலும், செல்வனாகப் பாராட்டுவது பின்னாலும் போய்விட்டன. எபிரேயத்தில் முதலில் பகட்டு, பிறகு வெறுமை. தமிழில் உள்ளே இருப்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது, பகட்டு பிறகு வருகிறது. மூலம் சொல்லாத "இருக்க" என்ற வினை செல்வத்தோடும் ஒட்டிக்கொண்டது. எச்சம் என்பதால் இரண்டும் ஒரே நேரத்தவை என்றும் முடிவாகிவிட்டது. சேர்த்த பிறகும் ஒன்றுமில்லை என்ற வாசிப்புக்கு அங்கே கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

பேச்சுத்தமிழ் இந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். "பெரிய பணக்காரன்னு காட்டிக்கிறவன் உண்டு, உள்ள ஒண்ணுமில்ல" என்று ஊரில் யாரும் சொல்லக்கூடும். வரிசை அப்படியே நிற்கிறது. அதிலும் பாருங்கள், "உள்ள" என்ற ஒரு சொல் என்னையறியாமல் நுழைந்துவிட்டது. மூலத்தில் உள்ளே, வெளியே என்று எதுவும் கிடையாது. "காட்டிக்கிறவன்" என்று போட்ட கணமே நானும் ஜெரோமின் பக்கம் போய்விட்டேன். எந்தச் சொல்லையும் கூடுதலாகப் போடாமல் சொல்ல முயன்றால் கிடைப்பது ஒரு மனிதனும், பக்கத்தில் ஒரு "இல்லை"யும்தான். அந்த இரண்டுக்கும் நடுவில் "போல", "ஆனாலும்", "கடைசியில்" என்று எதை வைக்கப்போகிறோம் என்பதில்தான், பணம் இருப்பவனைப் பற்றியும் இல்லாதவனைப் பற்றியும் நாம் என்ன நினைக்கிறோம் என்பது வெளியே வருகிறது.